ஷம்லா சொன்ன திகதி

மெல்பேர்ன் புறநகரான நோபல் பார்க்கில் ஷம்லாவைப் பெயர் சொல்லி அழைப்பவர்கள் குறைவு. பெண்கள் எல்லாருக்கும் அவள் "ஷம்லா தாத்தா". மன்னார்ப் பக்கத்துச் சோனகர் வழக்கில் தாத்தா என்றால் அக்கா. எருக்கலம்பிட்டியில் பிறந்து, புத்தளத்து முகாமில் வளர்ந்து, கணவன் முனவ்வரோடு மெல்பேர்னுக்கு வந்து பதினாறு வருசம். வயது நாற்பத்து மூன்று. கிழமையில் ஐந்து நாள் டண்டினோங்கில் உள்ள ஒரு தொழிற்சாலையில் சலாட் பைகள் அடைக்கிற வேலை. சனிக்கிழமை பின்னேரத்தில் தன் வீட்டு ஹோலில் பெண்களுக்கு மார்க்க வகுப்பு.

அந்த வகுப்பால்தான் அவளுக்கு அந்த மரியாதை. ஆண் மௌலவியிடம் கேட்க வாய் வராத கேள்விகளோடு பெண்கள் அவளிடம் வருவார்கள். தொழுகையில்லாத நாட்களை எப்படிக் கணக்கெடுப்பது, எந்த நாளோடு சுத்தம், விட்டுப்போன நோன்பை எப்போது பிடிப்பது. ஷம்லா கூசாமல் சொல்லுவாள். "ஒரு கொப்பி வச்சிக்கொள்ளுங்க புள்ளைகள். தொடங்கின நாளை எழுதுங்க, முடிஞ்ச நாளை எழுதுங்க. தன்ட உடம்புட கணக்கு தெரியாத பொம்புளை தொழுகை, நோன்பு எண்ட அமலை எப்பிடிச் சரியாச் செய்யிற?" இதை அவள் நூறு தடவையாவது சொல்லியிருப்பாள்.

அவளுடைய சொந்தக் கொப்பியில் எழுத்து நின்று இரண்டு வருசமாகியிருந்தது. அது ஒருவருக்கும் தெரியாது.

முதலில் மாதம் தவறி நாற்பது நாளில் வந்தது. பிறகு அறுபது, எழுபது நாள். சில தடவை இரண்டு சொட்டோடு நின்றுவிடும், அதை நாளாகக் கணக்கெடுப்பதா இல்லையா என்று அவளுக்கே விளங்காது. எழுதி எழுதிப் பார்த்துவிட்டு, நிற்கிற வயசு வந்திட்டு என்று தானே முடிவு கட்டிக் கொப்பியை அலுமாரியின் அடித்தட்டில் போட்டுவிட்டாள். அந்த வருசம் நோன்பு மார்ச் மாதத்தில் வந்தது. மாதவிடாய் நாட்களில் பெண்களுக்கு நோன்பும் தொழுகையும் இல்லை, அவளோ முப்பதையும் ஒன்றுகூட விடாமல் பிடித்தாள். பெருநாள் தொழுகையில் பெண்களின் முதல் வரிசையில் நின்றாள். "தாத்தாக்கு இந்த முறை முழு நோன்பும் கிடைச்சிருக்கு" என்று பெண்கள் சொன்னபோது சிரித்துவைத்தாள்.

ஒக்டோபர் முதற்கிழமையில் ஒரு ஞாயிறு மத்தியானம். வேலைக் களைப்பில் சோபாவில் சரிந்து கிடந்தாள். மகள் நுஹா கீழே கம்பளத்தில் இருந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நுஹாவுக்குப் பத்தொன்பது வயது, பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருசம், மிச்ச நேரத்தில் ஒரு பார்மசியில் வேலை. திடீரென்று அவள் தலையை நிமிர்த்தினாள்.

"உம்மா, உங்கட வயிறு ஆடுது."

"வாய்வு."

"இல்ல உம்மா. Look." நுஹா கையை வைத்தாள். உள்ளேயிருந்து ஏதோ அவள் உள்ளங்கையில் இடித்தது. கையைச் சூடு பட்டதுபோல எடுத்துக்கொண்டு எழும்பிப்போனாள். மறுநாள் பார்மசியிலிருந்து ஒரு சோதனைப் பெட்டியைக் கொண்டுவந்து குளியலறை மேசையில் வைத்தாள்.

இரண்டு கோடுகள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டும் கறுத்துத் தெரிந்தன.

முனவ்வர் லொறி ஓடுகிறவர், அதிகம் பேசாத மனுசன். செய்தியைக் கேட்டுவிட்டு, "அல்லாஹ் தந்தது" என்றார். முகத்தில் ஒரு சந்தோசம் எட்டிப் பார்த்தது, மகள் இருப்பதைக் கண்டதும் ஒளிந்துகொண்டது. நுஹா அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அதற்குப் பிறகு உம்மாவோடு தேவைக்கு மட்டும்தான் பேச்சு. அவள் பக்கத்தையும் ஷம்லாவால் விளங்கிக்கொள்ள முடிந்தது. பத்தொன்பது வயதுக் குமர்ப்பிள்ளைக்கு உம்மா வயிற்றோடு நிற்பதை யாரிடம் சொல்வது? அதுவும் வகுப்பு நடத்துகிற உம்மா, தன் வயிற்றில் இருக்கிறதே தெரியாத உம்மா.

பதினான்காம் திகதி செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் முதல் சந்திப்பு. முனவ்வருக்கு லீவு கிடைக்கவில்லை, நுஹாதான் காரில் கொண்டுபோனாள். வெள்ளைக்கார மிட்வைஃப் ஒருத்தி, ஐம்பது வயதிருக்கும், இருவரையும் இருத்திவிட்டு மேசையிலிருந்த போனில் தமிழ் மொழிபெயர்ப்பாளரை எடுத்தாள். ஒலிபெருக்கியில் ஓர் ஆண் குரல். தன் பெயரைச் சொல்லாமல் ஓர் இலக்கத்தை மட்டும் சொன்னது. யாழ்ப்பாணத்துப் பேச்சு, வயதான குரல். ஏதாவது கடையிலோ கலியாண வீட்டிலோ கேட்ட குரலாக இருக்குமோ என்று ஷம்லாவின் மனம் துழாவியது.

வயது, பழைய பிரசவம், வருத்தங்கள் என்று கேள்விகள் போயின. பிறகு அந்தக் குரல் சொன்னது: "அம்மா, உங்களுக்குக் கடைசியாக மாதவிடாய் தொடங்கின முதல் நாள் எது எண்டு கேக்கினம்."

ஷம்லாவின் காது சுட்டது. முன்னால் மிட்வைஃப், பக்கத்தில் மகள், மேசையில் முகம் தெரியாத ஓர் ஆம்பிளை. தெரியாது என்ற ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். கணக்கு வைக்கச் சொல்லி ஊருக்குப் படிப்பித்துவிட்டு, மகளுக்கு முன்னால் எப்படிச் சொல்வது? மனம் அவசரமாகத் தேடியது. நோன்பு முப்பதும் பிடித்தாயிற்று. பெருநாளன்று முதல் வரிசையில் தொழுததை ஊரே பார்த்தது. ஆகவே அதற்கு முன் என்று சொல்ல முடியாது. அதற்கு அடுத்த நாள் என்றால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

"ஏப்ரல் முதலாம் திகதி" என்றாள்.

"நிச்சயமா தெரியுமோ எண்டு கேக்கினம்."

"ஓம்."

"மாதா மாதம் ஒழுங்கா வாறதோ?"

"ஓம். ஒழுங்கா வரும்."

மிட்வைஃப் கணினியில் தட்டினாள். அப்படியென்றால் இன்றைக்கு இருபத்தெட்டுக் கிழமை, பிள்ளை பிறக்கிற திகதி ஜனவரி ஆறு. எழுதி ஒரு தாளைத் தந்தாள். இவ்வளவு நேர்த்தியாகக் கணக்கு வந்ததைப் பார்த்தபோது ஷம்லாவுக்கே ஒரு கணம் அது உண்மைபோலத் தெரிந்தது.

இரண்டு நாள் கழித்து ஸ்கேன். ஸ்கேன் எடுத்தவள் பிள்ளையின் தலையை அளந்தாள், வயிற்றை அளந்தாள், தொடை எலும்பை அளந்தாள். திரும்பவும் அளந்தாள். உறுப்புகள் நல்லாயிருக்கு, ஆனால் அளவு இருபத்தைந்து கிழமைப் பிள்ளையின் அளவு என்றாள். மூன்று கிழமை குறைவு.

அதைப் பார்க்கக் கூப்பிட்ட டொக்டர் தமிழ்ப் பெண். லக்ஷ்மிப்ரியா, கோயம்புத்தூர்க்காரி, முப்பத்தைந்து வயதுக்குள். தாளில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டுத் தமிழிலேயே பேசினார். நுஹா பக்கத்தில் இருந்தாள்.

"அக்கா, ரெண்டுல ஒண்ணுதான். நீங்க சொன்ன தேதி சரின்னா குழந்தை சின்னதா இருக்கு, வளர்ச்சி பத்தலை. தேதி தப்புன்னா குழந்தை சரியாத்தான் இருக்கு. அதனாலதான் திரும்பக் கேக்குறேன். ஏப்ரல் ஒண்ணு, உறுதியா?"

எந்த மொழிபெயர்ப்பாளரும் இல்லாமல் தெளிவான தமிழில் கேட்ட கேள்வி. தப்பிக்கத் திறந்து வைத்த கதவு. ஷம்லா மகளைப் பார்த்தாள். நுஹா தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உறுதி டொக்டர்."

"சுழற்சி ஒழுங்கா வரும்?"

"ஓம்."

டொக்டர் கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு, நாலு வாரத்தில் மறுபடி ஸ்கேன், நச்சுக்கொடிக்குப் போகிற இரத்த ஓட்டத்தையும் பார்ப்போம் என்று எழுதினார்.

காரில் ஏறியதும் நுஹா ஸ்டியரிங்கைப் பிடித்தாள், ஸ்டார்ட் பண்ணவில்லை. "உம்மா, சாப்பிடாம இருந்தீங்களா?" என்று கேட்டாள். பல நாளைக்குப் பிறகு அவளாகக் கேட்ட முதல் கேள்வி. ஷம்லா பதில் சொல்லுமுன் நுஹாவுக்கு அழுகை வந்துவிட்டது. "நான் உங்களோட கதைக்காம இருந்தன். நீங்க கவலையில சாப்பிடேல்ல. அதாலதான்."

"அப்பிடி இல்லடி புள்ளை."

ஆனால் எப்படி இல்லை என்று சொல்லவில்லை.

அன்றிலிருந்து நுஹா மாறினாள். காலையில் குசினியில் முட்டை அவிப்பாள். பாலும் பேரீச்சம்பழமும் வைப்பாள். உம்மா வேலையால் வந்ததும் கதிரையை இழுத்துப் போட்டு, கால் வைக்க ஒரு சின்ன வாங்கும் கொண்டுவந்து வைப்பாள். போனில் எதையெதையோ வாசித்து, "protein கூட வேணும் உம்மா" என்பாள். ஐவேளையும் தொழுதபின் தம்பியோ தங்கச்சியோ வளரவேண்டும் என்று கையேந்துவாள். ஷம்லா பக்கத்தில் இருந்து ஆமீன் சொல்லுவாள். அந்தச் சொல் அவளுக்கு நெருப்பாக இருந்தது. மகளின் அன்பு வேண்டும் என்று ஏங்கிக் கிடந்தாள்தான், ஆனால் இந்த அன்பு ஒரு பொய்யைக் கொடுத்து வாங்கினது. முட்டையை மெல்லும்போது களவெடுத்துத் தின்பதுபோல இருந்தது.

இடையிடையே அவளுக்கு நிஜமான பயமும் வந்தது. சிலவேளை பிள்ளை உண்மையிலேயே வளரவில்லையோ? தான் சொன்ன பொய் தற்செயலாக உண்மையாக இருந்துவிட்டதோ? திகதியே தெரியாதவளுக்கு எது பொய் என்பதும் தெரியாதுதானே.

நவம்பர் பதின்மூன்றில் இரண்டாவது ஸ்கேன். அடுத்த செவ்வாய் டொக்டர் லக்ஷ்மிப்ரியாவோடு ஒரு பெரிய டொக்டரும் இருந்தார், வெள்ளைக்காரர். இந்த முறை முனவ்வரும் வந்திருந்தார். படத்தில் ஒரு வளைகோடு, அதற்குக் கீழே இரண்டு புள்ளிகள்.

"நாலு வாரத்துல நாலு வாரத்துக்கான வளர்ச்சி இருக்கு. ரத்த ஓட்டம் நல்லா இருக்கு, பனிக்குடத் தண்ணியும் நல்லா இருக்கு," என்றார் லக்ஷ்மிப்ரியா. "ஆனா உங்க தேதிப்படி பாத்தா குழந்தை இப்பவும் மூணு வாரம் பின்னாடிதான். நூறு குழந்தைங்களை அளவுப்படி வரிசையா வச்சா கடைசி மூணுல ஒண்ணு. இவ்வளவு சின்னதா இருந்தா, உங்க வயசையும் சேத்துப் பாத்து, ரொம்ப நாள் உள்ள விட்டுவைக்க மாட்டோம். முப்பத்தேழு வாரம் முடியும்போது, அதாவது டிசம்பர் பதினாறு, பிரசவத்தைத் தூண்டிவிடலாம்னு பெரிய டாக்டர் நினைக்கிறார். அதுக்கு முன்னாடி இன்னும் ஒரு ஸ்கேன் பாக்கலாம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அக்கா, தேதியில ஒரு சந்தேகமும் இல்லையே?" என்றார்.

முனவ்வர் குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தார். ஷம்லா, "இல்ல" என்றாள். அது மூன்றாவது தடவை.

வீட்டுக்கு வந்து பெருவிரலால் விரல் மடிப்புகளைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். அவர்கள் சொல்கிற முப்பத்தேழிலிருந்து ஸ்கேன் சொல்கிற மூன்றைக் கழித்தால் முப்பத்துநாலு. நுஹா வாசித்துக் காட்டியதெல்லாம் அவளுக்கு நினைவிருந்தது. முப்பத்துநாலு கிழமையில் பிறக்கிற பிள்ளைக்குப் பால் உறிஞ்சவும் சூட்டைப் பிடித்துவைக்கவும் கஷ்டம், மூச்சுக்கும் சிலவேளை உதவி வேண்டும். சுகமாக வளர்கிற ஒரு பிள்ளையை, உம்மா ஒரு மணித்தியால வெட்கத்துக்காகச் சொன்ன சொல்லை நம்பி, ஆறு கிழமை முந்தி வெளியே எடுக்கப்போகிறார்கள்.

புதன்கிழமை லைலா போன் பண்ணினாள். வகுப்புக்கு வருகிற இளம் பெண், மூன்று மாதப் பிள்ளைக்காரி. "தாத்தா, எனக்குப் புள்ளை கிடைச்ச பிறகு ஒழுங்கில்லாம வருது. எந்த நாள் தொடங்கின எண்டே மறந்திட்டன். யாரிட்டயும் கேக்க வெக்கமா இருக்கு. உங்களிட்டத்தான் கேக்கேலும்."

"பிறகு எடுக்கிறன் லைலா" என்று ஷம்லா போனை வைத்தாள். குசினிச் சுவரில் சாய்ந்து நின்றாள். இருபது வயசுப் பெண் மறந்திட்டன் என்று ஒரு மூச்சில் சொல்லிவிட்டாளே என்று நினைத்தபோது முகம் எரிந்தது.

சனிக்கிழமை காலை டண்டினோங் சந்தைக்கு மீன் வாங்கப் போனார்கள். கார் நிறுத்துமிடத்தில் கதவைத் திறக்கப் போன முனவ்வரை ஷம்லா கையைப் பிடித்து இருத்தினாள்.

"இஞ்ச பாருங்க. அந்தத் திகதி நான் இட்டுக்கட்டிச் சொன்னது."

அவர் திரும்பவில்லை. கண்ணாடிக்கு வெளியே தள்ளுவண்டிகளைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு அப்பிடித்தான் தெரிஞ்சது" என்றார்.

"தெரிஞ்சா ஏன் பேசாம இருந்தீங்க?"

"பொம்புளைகளுட விசயம். நான் வாயத் திறந்தா, இவளுக்கு ரெண்டு வருசமா ஒழுங்கில்ல எண்டு சொல்லணும். அவ்வளவு பேருக்கு முன்னால உனக்கு வெக்கமா இருக்குமெண்டு நினைச்சன்." பிறகு, "எனக்கும்தான் வெக்கம்" என்றார்.

"இன்னொண்டு இருக்கு" என்றாள் ஷம்லா. மே மாதத்தில் அவருக்குத் தெரியாமல் வேறு ஒரு கிளினிக்குக்குப் போயிருந்தாள். தமிழர் யாரும் போகாத இடம் என்று தேடிப் போனது. பெருநாளுக்குப் பிறகும் வரவில்லை, முழுக்க நின்றுவிட்டதா என்று அறிய. அங்கே இரத்தம் எடுத்தார்கள். கர்ப்பச் சோதனையும் அதோடு செய்தார்கள், அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். பிள்ளை இல்லை என்று முடிவு வந்தது. மூன்று மாதத்தில் திரும்பி வரச் சொன்னார்கள், போகவில்லை.

முனவ்வர் கைத்தொலைபேசியை எடுத்து அவள் மடியில் வைத்தார். "மீன் பிறகு வாங்கலாம். ஆஸ்பத்திரிக்கு எடு."

செவ்வாய்க்கிழமை இடம் கொடுத்தார்கள். உள்ளே போனதும் ஷம்லா இருக்கவில்லை. நின்றபடியே சொன்னாள், நின்றால்தான் வரும்போல இருந்தது.

"டொக்டர், நான் சொன்ன திகதி பொய். எனக்குக் கடைசியா எப்ப வந்த எண்டு தெரியாது. ரெண்டு வருசமா ஒழுங்கில்ல, அறுபது எழுபது நாளும் போகும். தெரியாது எண்டு சொல்ல வெக்கப்பட்டுச் சொல்லிட்டன். மூண்டு தரம் கேட்டீங்க. மூண்டு தரமும் பொய் சொன்னன்."

லக்ஷ்மிப்ரியா பேனையை வைத்தார். ஏச்சு வரும் என்று ஷம்லா காத்திருந்தாள்.

"உக்காருங்க அக்கா. உங்களை மாதிரி எத்தனையோ பேர் இருக்காங்க. தேதி தெரியாதது ஒரு தப்பே இல்லை. தெரியலைன்னு எங்ககிட்டச் சொல்லாததுதான் தப்பு." அவர் குரலிலும் ஒரு களைப்பு இருந்தது. "நானும் உங்க பொண்ணை வெளிய அனுப்பிட்டுக் கேட்டிருக்கணும். சரி, உறுதியாத் தெரிஞ்சதை மட்டும் சொல்லுங்க. தெரியாததை விட்டுடுங்க."

உறுதியாகத் தெரிந்தது கொஞ்சம்தான். நோன்பு தொடங்க முதல் பெப்ரவரிக் கடைசியில் ஐந்து நாள் வந்தது. நோன்பில் வரவில்லை. ஏப்ரலில் ஒரு நாள் கறைபோல ஏதோ, எந்தக் கிழமை என்று தெரியாது. பிறகு மே மாதம் இரத்தப் பரிசோதனை.

"எந்தத் தேதி?" டொக்டர் நிமிர்ந்தார்.

அந்தக் கிளினிக் அனுப்பிய செய்தி போனில் இன்னும் கிடந்தது. மே ஆறு. லக்ஷ்மிப்ரியா உடனே அந்தக் கிளினிக்கை அழைத்து முடிவை அனுப்பச் சொன்னார். வந்ததும் தாளைத் திருப்பிக் காட்டினார்.

"நீங்க சொன்ன ஏப்ரல் ஒண்ணு உண்மையா இருந்து, சுழற்சியும் ஒழுங்கா இருந்தா, ஏப்ரல் நடுவுல கரு தரிச்சிருக்கும். மே ஆறாம் தேதி ரத்தத்துல கட்டாயம் தெரிஞ்சிருக்கும். தெரியலை. அப்போ அதுக்கப்புறம்தான், இல்லைன்னா அந்த நாளை ஒட்டித்தான் தரிச்சிருக்கு. ரெண்டு ஸ்கேனும் அதையேதான் சொல்லுது. குழந்தை பின்னாடி இல்லை அக்கா. நம்ம கணக்குதான் முன்னாடி ஓடிடுச்சு."

முனவ்வர் முகத்தைத் துடைத்தார்.

"இதையும் தெரிஞ்சுக்கங்க," என்றார் டொக்டர். "நீங்க உண்மையான தேதியே சொல்லியிருந்தாலும் அதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. அந்தக் கணக்கு இருபத்தெட்டு நாளுக்கு ஒரு தடவை வர்றவங்களுக்குப் போட்டது. உங்களை மாதிரி அறுபது, எழுபது நாள் ஆகுறவங்களுக்குக் கருமுட்டை பிந்தித்தான் வரும், கணக்கு தப்பிடும். ஒழுங்கா வராதுன்னு தெரிஞ்சிருந்தா ஸ்கேனைத்தான் எடுத்திருப்போம். மூணு மாசத்துக்குள்ள வந்திருந்தா நாலஞ்சு நாள் வித்தியாசத்துல சொல்லிடலாம், அந்த நேரம் எல்லாக் குழந்தையும் ஏறக்குறைய ஒரே அளவுதான். நீங்க வந்தப்போ ஆறு மாசம். அதனால முதல் ஸ்கேனை வச்சு ஜனவரி இருபத்தேழுன்னு எழுதுறேன், ஆனா முன்ன பின்ன ரெண்டு வாரம் இருக்கலாம். இனி எத்தனை ஸ்கேன் எடுத்தாலும் இந்தத் தேதியை மாத்தமாட்டோம். வளர்ச்சியை மட்டும் பாப்போம். டிசம்பர் பதினாறு வேண்டாம்."

கணினியில் பழைய திகதியை அழிக்கவில்லை. அதன் பக்கத்தில் 'நிச்சயமில்லை' என்று எழுதினார். ஷம்லா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கே அந்த இடத்தில் போட்டிருக்கவேண்டிய சொல்.

மகளிடம் சொல்வதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். அன்று பின்னேரம் நுஹா அடுப்படியில் பருப்பு தாளித்துக்கொண்டிருந்தாள். ஷம்லா முழுவதையும் சொன்னாள், கூட்டாமல் குறைக்காமல். நுஹா அடுப்பை அணைத்தாள்.

"So baby okay?"

"ஓம். சுகமா இருக்கு."

"அல்ஹம்துலில்லாஹ்." பிறகு அவள் முகம் சிவந்தது. "என்னாலதான் எண்டு நான் எத்தனை நாள் அழுதன்? நீங்க பாத்துக்கொண்டே இருந்தீங்க. பாத்துக்கொண்டு நான் தந்த முட்டையச் சாப்பிட்டீங்க."

"ஓம்."

"ஏன் உம்மா?"

"நீ என்னோட கதைச்சாய்," என்றாள் ஷம்லா. அதற்கு மேல் அவளிடம் காரணம் இருக்கவில்லை.

நுஹா வெளியே போனாள். அடுத்த நாள் காலையில் முட்டை இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. ஷம்லா தானே அவித்துத் தின்றாள். ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, "ஸ்கேனுக்கு ஆரு கொண்டுபோறது?" என்று நுஹா வாசலில் நின்று கேட்டாள். "வாப்பாக்கு லீவில்ல" என்றாள் ஷம்லா. "சரி" என்றாள் நுஹா. அவ்வளவுதான் பேச்சு. ஆனால் காரில் போகும்போது வேகத்தடைகளில் மிக மெதுவாக ஏறி இறங்கினாள்.

டிசம்பர் பதினாறு வந்து போனது. அன்று தொழிற்சாலையில் கடைசி நாள் வேலை. பைகளை அடைத்துக்கொண்டிருக்கையில் வயிற்றுக்குள் ஒரு உதை விழுந்தது, ஷம்லா மெசினைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். ஜனவரி ஆறும் போனது. ஜனவரி இருபத்திரண்டாம் திகதி வியாழக்கிழமை விடியச் சுபஹுத் தொழுதுவிட்டு எழும்பும்போது வலி பிடித்தது. மத்தியானத்துக்கு முன் ஆண் பிள்ளை பிறந்தது. மூன்று கிலோவும் நூறு கிராமும். வீறிட்டு அழுதான், உடனேயே பால் குடித்தான், சூட்டுப் பெட்டி தேவைப்படவில்லை. அர்ஹம் என்று பெயர் வைத்தார்கள்.

பார்க்க வந்த லக்ஷ்மிப்ரியா குழந்தையின் பாதத்து வரிகளையும் காதையும் தொட்டுப் பார்த்து, "முழு மாசக் குழந்தைதான்" என்று சிரித்தார். ஷம்லாவால் அவர் முகத்தை நேரே பார்க்க முடியவில்லை. நன்றி என்ற சொல்லை மட்டும் எப்படியோ சொன்னாள்.

நாற்பது நாள் கழிந்து நோன்புக் காலத்தில் வகுப்பு மறுபடி தொடங்கியது. பெண்கள் பிள்ளையைக் கை மாற்றிக் கொஞ்சினார்கள். "தாத்தா எல்லாத்தையும் கணக்கா வச்சிருப்பா, புள்ளையும் கணக்கு நாளுக்குப் பிறந்திருக்கும்" என்று யாரோ ஒருத்தி சொன்னாள். பழைய ஷம்லா என்றால் சிரித்துவிட்டிருப்பாள்.

"எனக்குக் கணக்குத் தெரியாது," என்றாள். "ரெண்டு வருசமா நான் எழுதேல்ல. ஆஸ்பத்திரியில கேட்டப்ப மறைச்சன். என்ட வெக்கத்துக்காக ஒரு திகதியச் சொன்னன். அதை நம்பி இவனை ஒன்றரை மாசம் முந்தி எடுக்கப் பாத்தாங்க." அடுத்துச் சொல்ல வைத்திருந்தது எல்லாம் மறந்துபோயிற்று. "தெரியாட்டித் தெரியாது எண்டு சொல்லுங்க. மாசம் ஒழுங்கில்லாட்டி அதையும் சொல்லுங்க. ஒரு மாசம் சந்தேகம் எண்டாலும் போய்க் காட்டுங்க."

இரண்டு பெண்கள் தலையைக் குனிந்திருந்தார்கள், அவளுக்காக வெட்கப்படுகிறார்களா தங்களுக்காகவா என்று தெரியவில்லை. லைலா மட்டும் நேரே அவளைப் பார்த்தாள்.

அடுத்த கிழமை வகுப்புக்கு நாலு பேர் குறைவாகத்தான் வந்தார்கள். ஷம்லா அதை எண்ணினாள், யாரிடமும் சொல்லவில்லை. பின்வரிசையில் நுஹா அர்ஹமைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். தன் பல்கலைக்கழகச் சிநேகிதி ஒருத்தியை அன்று வீட்டுக்குக் கூட்டிவந்திருந்தாள். "This is my brother," என்று அவளிடம் மெல்லச் சொல்வது முன்வரிசைவரை கேட்டது.

ஷம்லா கிதாபைத் திறந்து விட்ட இடத்தைத் தேடினாள். எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கினாள்.